பன்னிரண்டு மில்லிநொடி

கறுப்புக் கோட்டின் மேல் ஒரு சின்ன வண்டி தானாக ஓட வேண்டும். அதன் மூளையாக மைக்ரோகன்ட்ரோலரை வைப்பதா, ஒற்றைப் பலகைக் கணினியை வைப்பதா? இந்தக் கேள்வியைக் கேட்டதும் பெரும்பாலானவர்கள் இரண்டு பலகைகளின் வேகத்தையும் விலையையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதிப் பார்ப்பார்கள். ஆர்டுயினோ ஊனோவில் இருக்கும் சில்லு 16 மெகாஹெர்ட்ஸில் ஓடுகிறது, அதன் வேலை நினைவகம் 2 கிலோபைட். ராஸ்பெர்ரி பை வகையிலேயே மிகச் சின்னதான ஜீரோ டபிள்யூ 1 கிகாஹெர்ட்ஸ், 512 மெகாபைட். முடிந்தது கதை. பெரியதை வாங்கு, கையில் காசு இல்லை என்றால் சின்னதை வாங்கு. என் அக்கா மகளின் அணியிலும் பேச்சு அப்படித்தான் ஆரம்பித்திருந்தது.

அவள் ஈரோடு பக்கம் ஒரு பாலிடெக்னிக்கில் எலக்ட்ரானிக்ஸ் படிக்கிறாள். மூன்று பேர் அணி. அவளும் இரண்டு பையன்களும். பக்கத்து மாவட்டத்துப் பொறியியல் கல்லூரி ஒன்றில் போட்டி. வெள்ளை ஃபிளெக்ஸில் 30 மில்லிமீட்டர் அகலத்துக்குக் கறுப்புக் கோடு அச்சடித்து விரித்திருப்பார்கள். நேர்கோடு, வளைவு, நடுவில் இரண்டு மூன்று செங்கோணத் திருப்பம். யார் குறைந்த நேரத்தில் சுற்றி முடிக்கிறார்களோ அவர்களுக்குப் பரிசு. மூவரும் போட்ட காசு மொத்தம் 4,500 ரூபாய். அதில் 1,500 என் அக்கா மகளிர் குழுவில் வாங்கியது என்பது எனக்குப் பிறகுதான் தெரிந்தது.

"மாமா, பசங்க ராஸ்பெர்ரி பைங்கறாங்க. பைத்தான்ல எழுதிக்கலாமாம். கேமராகூட வைக்கலாமாம். ஆர்டுயினோவெல்லாம் ஸ்கூல் புள்ளைங்க பண்றதாமா."

"நீ என்ன சொன்னே கண்ணு?"

"நான் என்னத்தச் சொல்றது. பை வாங்கினா புரோகிராம் அவங்க பாத்துக்குவாங்களாம். என்னைய சாலிடரிங் பண்ணச் சொல்றாங்க."

பலகைத் தேர்வில் வேறொன்றும் ஒளிந்திருக்கிறது என்று அப்போது புரிந்தது. அவளுக்கு ஆர்டுயினோவின் சி மொழி வரும், எம்பெடட் லேபில் கைப்பழக்கம் உண்டு. பையன்களுக்குப் பைத்தான் வரும். எந்தப் பலகை வருகிறதோ, அதை வைத்துத்தான் யார் எழுதுவது, யார் ஈயம் உருக்குவது என்று முடிவாகும். அதற்காக நான் அவள் பக்கம் சாய்ந்து பேசினால் அது நியாயமில்லை, அவளுக்கும் அது உதவாது. "எங்க மாமா சொன்னாங்க" என்பது பத்தொன்பது வயசுப் பையன்களிடம் எடுபடாது. எடுபட வேண்டுமென்றால் அளந்து காட்ட வேண்டும்.

கோடு பிடித்து ஓடும் வண்டிக்கு உண்மையில் எவ்வளவு மூளை தேவை என்பதிலிருந்து தொடங்கினோம். பதில் கொஞ்சம் அவமானகரமானது. மூளையே தேவையில்லை. 1940களின் கடைசியில் இங்கிலாந்தின் பிரிஸ்டலில் கிரே வால்டர் என்ற நரம்பியல் ஆய்வாளர் எல்மர், எல்சி என்று இரண்டு இயந்திர ஆமைகளைச் செய்தார். ஒவ்வொன்றுக்குள்ளும் இரண்டு வால்வுகள், அவ்வளவுதான். அவை வெளிச்சத்தைத் தேடிப் போயின, இடித்தால் விலகின. 1984இல் பிரைட்டன்பர்க் எழுதிய 'வெஹிக்கிள்ஸ்' என்ற சின்னப் புத்தகத்தில் இரண்டு சென்சார்களை இரண்டு மோட்டார்களோடு நேராகவோ குறுக்காகவோ இணைத்தாலே வண்டி எதையோ விரும்புவது போலவும் பயப்படுவது போலவும் நடந்துகொள்ளும் என்று காட்டியிருப்பார். கோடு பிடிக்கும் வண்டியும் அப்படித்தான். இரண்டு அகச்சிவப்பு சென்சார், ஒரு ஒப்பீட்டுச் சில்லு, இரண்டு டிரான்சிஸ்டர். இடது சென்சார் கறுப்பைப் பார்த்தால் இடது மோட்டார் நிற்கும், வண்டி இடப்பக்கம் திரும்பும். புரோகிராம் ஒரு வரிகூட வேண்டாம்.

ஆனால் அந்த வண்டி குடித்துவிட்டு வீட்டுக்குப் போகிறவர் மாதிரி போகும். கோட்டின் இந்த ஓரத்தில் இடித்து அந்த ஓரத்துக்கு, அங்கே இடித்து இந்த ஓரத்துக்கு. வேகத்தைக் கூட்டினால் ஆட்டம் கூடும், ஒரு கட்டத்தில் கோட்டைத் தாண்டிப் போய்விடும். நமக்குப் புரோகிராம் எதற்கு என்றால், 'விலகியிருக்கிறேனா' என்பதோடு நிறுத்தாமல் 'எவ்வளவு விலகியிருக்கிறேன், எவ்வளவு வேகமாக விலகிக்கொண்டிருக்கிறேன்' என்றும் கேட்பதற்கு. வண்டியின் மூக்கில் ஐந்து சென்சார்களை வரிசையாக வைத்து, ஒவ்வொன்றும் எவ்வளவு கறுப்பைப் பார்க்கிறது என்று எண்ணாக வாங்கி, அதன் எடையிட்ட சராசரியை எடுத்தால் கோடு நடுவிலிருந்து எத்தனை மில்லிமீட்டர் தள்ளியிருக்கிறது என்று கிடைக்கும். அதுதான் பிழை. பிழையை `Kp` என்ற எண்ணால் பெருக்குவது ஒரு பங்கு. போன முறைக்கும் இந்த முறைக்கும் பிழை எவ்வளவு மாறியது என்பதை `Kd` என்ற எண்ணால் பெருக்குவது இன்னொரு பங்கு. இரண்டையும் கூட்டி ஒரு மோட்டாருக்குக் கூட்டு, மற்றதற்குக் கழி. முழு மூளையும் இதுதான்:

```
void loop() {
  if (micros() - last < 2000) return;
  last += 2000;
  int err = readLine();
  int turn = Kp * err + Kd * (err - prevErr);
  prevErr = err;
  drive(base + turn, base - turn);
}
```

ஒவ்வொரு 2 மில்லிநொடிக்கும் ஒரு முறை, அதாவது நொடிக்கு 500 முறை இது நடக்க வேண்டும். ஊனோவில் ஒரு சென்சாரை எண்ணாகப் படிக்க ஏறத்தாழ 0.11 மில்லிநொடி ஆகிறது. ஐந்துக்கும் சேர்த்து அரை மில்லிநொடிக்குக் கொஞ்சம் மேல். கணக்குப் போடுவதற்கு அதைவிட மிகக் குறைவு. மிச்ச நேரம் முழுக்க 16 மெகாஹெர்ட்ஸ் சில்லு சும்மா உட்கார்ந்து மணி பார்த்துக்கொண்டிருக்கிறது. ஆக, வேகம் போதாது என்ற பேச்சுக்கே இடமில்லை. 1 கிகாஹெர்ட்ஸ் வைத்தால் இந்த வண்டி அறுபது மடங்கு நன்றாக ஓடிவிடப் போவதில்லை. இன்னும் அதிக நேரம் சும்மா இருக்கும், அவ்வளவே.

சரி, சும்மா இருந்தால் என்ன கெட்டுப்போயிற்று என்று பையன்கள் கேட்டார்கள். நல்ல கேள்விதான். ஆனால் பை சும்மா இருப்பதில்லை.

ஊனோவை ஒரு சின்ன டீக்கடை என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரே மாஸ்டர், ஒரே வாடிக்கையாளர். கிளாஸ் காலியானதும் அடுத்த டீ வரும், ஒவ்வொரு தடவையும் அதே நேரத்தில். பை ஒரு பெரிய ஹோட்டல். உள்ளே லினக்ஸ் என்ற மேலாளர் உட்கார்ந்திருக்கிறார். உங்கள் பைத்தான் புரோகிராம் அங்கே நூற்றில் ஒரு மேஜை. வைஃபையைப் பார்ப்பது, மெமரி கார்டில் பதிவுகள் எழுதுவது, ஏதோ ஒன்றின் புதிய பதிப்பு வந்திருக்கிறதா என்று விசாரிப்பது என்று மேலாளருக்கு ஆயிரம் வேலை. உங்கள் மேஜைக்கு வருவார், சராசரியில் மிக வேகமாகவே வருவார். எப்போது வருவார் என்று மட்டும் சத்தியம் செய்து தர மாட்டார்.

என் பிழைப்பு சர்வர்களோடு. அங்கே இந்தச் 'சராசரி' எங்களுக்குக் குலதெய்வம் மாதிரி. நூறு கோரிக்கைகளில் தொண்ணூற்றொன்பது இத்தனை மில்லிநொடிக்குள் முடிகிறது என்று பலகையில் பச்சை நிறத்தில் காட்டினால் மானேஜர் நிம்மதியாகத் தூங்குவார். அந்த நூறாவது ஆளின் பக்கம் கொஞ்சம் தாமதமாகத் திறக்கும், அவர் முணுமுணுத்துவிட்டு மறுபடி அழுத்துவார். ஓடுகிற வண்டியில் மறுபடி அழுத்த யாரும் இல்லை. அந்த நூறாவது சுற்று நேர்கோட்டில் வந்தால் பிழைத்தோம், வளைவில் வந்தால் வண்டி ஃபிளெக்ஸைத் தாண்டித் தரையில் கிடக்கும். 500 முறை நடக்கும் வேலையில் நூற்றில் ஒன்று என்பது நொடிக்கு ஐந்து முறை.

என் மேஜை இழுப்பறையில் பழைய ஜீரோ டபிள்யூ ஒன்று தூசி படிந்து கிடந்தது. அடுத்த சனிக்கிழமை ஊருக்குப் போகும்போது அதை எடுத்துப் போனேன். பையன்களும் வந்திருந்தார்கள். அக்கா எல்லாருக்கும் பச்சைப்பயறு சுண்டல் போட்டுக் கொடுத்தாள். பையன்களில் ஒருவனையே இதை எழுதச் சொன்னேன்:

```
import time
worst = 0
t0 = time.perf_counter()
for i in range(10000):
    time.sleep(0.002)
    t1 = time.perf_counter()
    worst = max(worst, t1 - t0)
    t0 = t1
print(worst * 1000)
```

2 மில்லிநொடி தூங்கு, எழுந்து மணி பார், மறுபடி தூங்கு. பத்தாயிரம் தடவை செய்துவிட்டு, மிக மோசமாகத் தூங்கிப்போன ஒரு தடவையை மட்டும் சொல். சராசரி வேண்டாம். முதல் தடவை பலகை சும்மா இருக்கும்போது ஓட்டினோம். 3க்குக் கொஞ்சம் குறைவாக வந்தது. "பாத்தீங்களாண்ணா, நல்லாத்தானே இருக்கு" என்றான். நல்லாத்தான் இருந்தது. அடுத்து இன்னொரு ஜன்னலில் `sudo apt update` ஓட்டிவிட்டு, அதே சோதனை. 14.1 என்று வந்தது. 2 மில்லிநொடியில் எழ வேண்டியது ஒரு தடவை 12 மில்லிநொடி தாமதமாக எழுந்திருக்கிறது. அதே மாதிரி சோதனையை ஊனோவில் `micros()` வைத்து அவள் ஓட்டினாள். மிக மோசமான சுற்றுக்கும் சாதாரணச் சுற்றுக்கும் வித்தியாசம் ஒரு மில்லிநொடியில் நூறில் ஒரு பங்குகூட வரவில்லை.

பன்னிரண்டு மில்லிநொடி. கண் சிமிட்டும் நேரத்தைவிடப் பல மடங்கு குறைவு. இதற்கு இவ்வளவு ஆர்ப்பாட்டமா என்று தோன்றும். அதனால் ஒரு நோட்டுத்தாளில் கணக்குப் போட்டோம். நொடிக்கு ஒரு மீட்டர் வேகத்தில் ஓடும் வண்டி ஒரு மில்லிநொடிக்கு ஒரு மில்லிமீட்டர் நகரும் (இந்த வேகத்தை எடுத்துக்கொண்டால் கணக்கு மனப்பாடமாகவே வந்துவிடும், அதற்காகவே எனக்கு இந்த வேகம் பிடிக்கும்). 12 மில்லிநொடி என்றால் 12 மில்லிமீட்டர் கண்ணைக் கட்டிக்கொண்டு ஓட்டம். கோட்டின் அகலம் 30, நடுவிலிருந்து ஓரத்துக்கு 15. நேர்கோட்டில் 12 மில்லிமீட்டர் குருடாக ஓடினால் ஒன்றும் ஆகாது, வண்டி ஏற்கெனவே நேராகத்தான் போய்க்கொண்டிருக்கிறது. வளைவிலும்கூட அந்தக் குருட்டு ஓட்டம் மட்டும் வண்டியைக் கவிழ்த்துவிடாது.

கவிழ்ப்பது அதற்கு அடுத்த நொடித்துளி. `Kd` இருக்கும் வரியைத் திரும்பப் பாருங்கள். இந்தப் பிழைக்கும் போன பிழைக்கும் உள்ள வித்தியாசத்தை அது பெருக்குகிறது. இரண்டுக்கும் நடுவில் 2 மில்லிநொடிதான் போயிருக்கும் என்று நம்பிக்கொண்டு. வளைவில் ஒவ்வொரு 2 மில்லிநொடிக்கும் பிழை 0.3 மில்லிமீட்டர் மாறுகிறது என்று வைப்போம். `Kd` அந்த 0.3க்கு ஏற்றபடி திருகி வைத்த எண். இப்போது ஒரு சுற்று 14 மில்லிநொடி கழித்து வருகிறது. பிழை அதற்குள் 2.1 மாறியிருக்கிறது. புரோகிராமுக்கு நேரம் போனது தெரியாது, 'அய்யோ, ஒரே தாவலில் 2.1 விலகிவிட்டேன்' என்று ஏழு மடங்கு பலத்தோடு ஸ்டீயரிங்கை ஒடிக்கிறது. அடுத்த சுற்று சரியான நேரத்துக்கு வந்து, எதிர்ப்பக்கம் விலகியிருப்பதைப் பார்த்து மறுபக்கம் ஒடிக்கிறது. வெளியிலிருந்து பார்ப்பவருக்கு வண்டி திடீரென்று ஒரு வெட்டு வெட்டியது போல் தெரியும். பத்து சுற்று நன்றாக ஓடும், பதினோராவதில் வெட்டும். மோட்டார் கோளாறு என்பார்கள், சக்கரம் வழுக்குகிறது என்பார்கள், `Kd`ஐக் குறைப்பார்கள். குறைத்தால் வெட்டு குறையும், கூடவே பழைய குடிகாரத் தள்ளாட்டமும் திரும்ப வரும்.

பையன்களில் மற்றவன் கொஞ்சம் அமைதியானவன். நோட்டை இழுத்துப் பார்த்துவிட்டு, "போன நேரத்தையும் அளந்து அதால வகுத்துட்டா?" என்றான். சரியான கேள்வி. வகுத்தால் அந்த ஏழு மடங்கு உதை போய்விடும், குருட்டு ஓட்டம் மட்டும் மிஞ்சும். இன்னும் செய்யலாம். பைத்தானுக்குப் பதில் சி, `sudo chrt -f 50` என்று போட்டு நம் வேலைக்கு முன்னுரிமை, ஒரு கோருக்குப் பதில் நாலு கோர் இருக்கும் பலகை. லினக்ஸிலேயே நேரம் தவறாமைக்காகப் பல வருஷம் தனியாக ஒட்டுப்போட்டு வந்த திருத்தங்கள் 2024இல் 6.12 பதிப்போடு மைய மரத்திலேயே சேர்ந்துவிட்டன. இதையெல்லாம் செய்தால் பையும் இந்த வேலையை ஒழுங்காகச் செய்யும். வேகத்தைக் குறைத்தாலே போதும் என்றும் சொல்லலாம். நொடிக்கு 20 சென்டிமீட்டரில் ஊர்ந்தால் 12 மில்லிநொடி என்பது 2.4 மில்லிமீட்டர், யாருக்கும் தெரியாது. இணையத்தில் பையை வைத்துக் கோடு பிடித்து ஓட்டிய வண்டிகளின் வீடியோக்கள் நிறைய உண்டு, அவை பொய்யில்லை. ஓடும் வேகத்தை மட்டும் கவனித்துப் பாருங்கள்.

எனக்குப் பட்டது இது: டீக்கடையில் தானாகக் கிடைப்பதை ஹோட்டலில் இத்தனை பேரிடம் சிபாரிசு பிடித்து வாங்க வேண்டுமா?

கேமரா விஷயத்தில் பையன்கள் சொன்னதில் நிஜமாகவே சரக்கு இருந்தது. அகச்சிவப்பு சென்சார் தன் மூக்கின் கீழே இருப்பதை மட்டும் பார்க்கும். வளைவு வந்த பிறகுதான் அதற்கு வளைவு தெரியும். கேமரா ஒன்றரை அடிக்கு முன்னாலேயே வளைவைப் பார்த்துவிடும், நேர்கோட்டில் பறந்து வளைவுக்கு முன் பிரேக் போடலாம். நொடிக்கு 30 படம் என்றால் ஒரு படத்துக்கும் அடுத்ததற்கும் 33 மில்லிநொடி. படம் எடுத்து, உள்ளே கொண்டுவந்து, கோட்டைக் கண்டுபிடிப்பதற்குள் இன்னும் சில படங்களின் நேரம் போகும். மொத்தம் 100 மில்லிநொடி என்று தாராளமாக வைத்தாலும் அதற்குள் வண்டி 10 சென்டிமீட்டர் போயிருக்கும், கேமரா பார்த்ததோ அதற்கும் அப்பால். ஆக, தாமதத்தை முன்பார்வை ஈடுகட்டிவிடும். ஆனால் அதை ஈடுகட்ட வேண்டுமானால் 'நான் பார்த்த இடத்துக்கு இன்னும் எத்தனை சென்டிமீட்டர் இருக்கிறது' என்று வண்டிக்குத் தெரிய வேண்டும். அதற்குச் சக்கரச் சுற்றை எண்ணும் என்கோடர் வேண்டும், அந்தத் துடிப்புகளைத் தவறவிடாமல் எண்ண ஆள் வேண்டும். எண்ணுவதற்குச் சரியான ஆள் யார்? மறுபடி மைக்ரோகன்ட்ரோலர்தான். பெரிய ரோபோக்களில் அதனாலேயே இரண்டும் இருக்கும். மேலே ஒரு கணினி 'இடப்பக்கம் போ' என்று சொல்லும், கீழே ஒரு மைக்ரோகன்ட்ரோலர் மோட்டாரை நொடிக்கு ஆயிரம் முறை கவனிக்கும். 2025 அக்டோபரில் ஆர்டுயினோவே 'ஊனோ கியூ' என்று ஒரு பலகையை அறிவித்தது. அதில் லினக்ஸ் ஓடும் குவால்காம் சில்லு ஒன்றும் எஸ்டிஎம்32 மைக்ரோகன்ட்ரோலர் ஒன்றும் ஒரே பலகையில் உட்கார்ந்திருக்கின்றன.

4,500 ரூபாயிலும் மூன்று வாரத்திலும் அது நடக்காது. போட்டியில் படிக்க வேண்டிய அறிவிப்புப் பலகையோ, நிறமோ, பிரியும் பாதைகளின் வரைபடமோ எதுவும் இல்லை. இருந்திருந்தால் நானே பை வாங்கச் சொல்லியிருப்பேன்.

மின்சாரத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும், ஏனென்றால் போட்டிக்களத்தில் ஆட்களை அழவைப்பது பெரும்பாலும் அதுதான். இரண்டு 18650 லித்தியம் செல்லைத் தொடராகப் போட்டால் முழு சார்ஜில் 8.4 வோல்ட். மோட்டார்கள் நின்ற நிலையிலிருந்து கிளம்பும் கணத்தில் ஓடும்போது இழுப்பதைவிடப் பல மடங்கு மின்னோட்டத்தை இழுக்கும், பேட்டரி வோல்ட்டேஜ் ஒரு கணம் குழி விழும். முழு அளவு ராஸ்பெர்ரி பைகளில் 5 வோல்ட் சுமார் 4.63க்குக் கீழே இறங்கினாலே எச்சரிக்கை வந்துவிடும். சிவப்பு விளக்கு மினுங்கும், `vcgencmd get_throttled` என்று கேட்டால் பூஜ்யம் அல்லாத ஏதோ ஓர் எண்ணைக் காட்டும். இன்னும் இறங்கினால் பலகை செத்து மறுபடி பிறக்கும். பிறந்து, லினக்ஸ் எழுந்து, உங்கள் புரோகிராம் ஓட ஆரம்பிக்க அரை நிமிஷம் ஆகலாம். மூன்று நிமிஷ வாய்ப்பில் அரை நிமிஷம். ஊனோ இந்தக் குழிகளைப் பெரும்பாலும் கவனிப்பதே இல்லை, அதன் காவல் எல்லை 2.7 வோல்ட்டில் இருக்கிறது. அப்படியே விழுந்தாலும் கண்ணுக்குத் தெரியாத வேகத்தில் எழுந்து தொடரும்.

அப்புறம் ஸ்விட்ச். போட்டியில் வண்டியைத் தூக்கி, அணைத்து, திருத்தி, போட்டு, மறுபடி அணைத்து என்று ஐம்பது தடவை நடக்கும். ஊனோவை எப்படி அணைத்தாலும் அதற்கு ஒன்றுமில்லை. பையை முறைப்படி படுக்கவைக்காமல் மின்சாரத்தைப் பிடுங்கினால், அந்த நேரம் பார்த்து மெமரி கார்டில் ஏதாவது எழுதிக்கொண்டிருந்தால், அடுத்த முறை எழாமலே போகலாம். போட்டி நாள் காலையில் கார்டைத் திரும்ப எழுத லேப்டாப் தேடி ஓடும் அணி ஒன்றையாவது எல்லாப் போட்டியிலும் பார்க்கலாம்.

ஊனோவின் நகல் பலகை ஒன்று வாங்கினார்கள். டிபி6612 மோட்டார் டிரைவர். கடைக்காரர் எல்298 கொடுக்கப் பார்த்தார், அதிலேயே ஏறத்தாழ 2 வோல்ட் சூடாகிப் போகும் என்று இவள் மறுத்துவிட்டாள். என்20 மோட்டார் இரண்டு. ஐந்து சென்சார் கொண்ட பட்டை. செலவு 2,600 சொச்சம். மிச்சக் காசை அக்காவிடம் திருப்பித் தந்திருப்பாள் என்று நினைத்தேன், அதற்குப் பேட்டரி சார்ஜர் வாங்கியிருந்தார்கள்.

மைக்ரோகன்ட்ரோலர் வந்துவிட்டால் நேரம் தானாகச் சரியாகிவிடும் என்று நான் சொன்னதாக யாரும் நினைக்க வேண்டாம். முதல் வாரமே ஃபோன் வந்தது. "மாமா, மெதுவா போனா சரியா போகுதுங்க, வேகம் வெச்சா வெட்டுது." கோடை அனுப்பச் சொன்னேன். கட்டுப்படுத்தும் சுற்றுக்குள் `Serial.print` இருந்தது, ஐந்து சென்சாரின் எண்ணையும் திரையில் பார்ப்பதற்காக. 9600 வேகத்தில் ஓர் எழுத்து வெளியேற ஒரு மில்லிநொடிக்குக் கொஞ்சம் மேல் ஆகும். இருபது எழுத்து என்றால் இருபது மில்லிநொடி. ஊனோவில் 64 எழுத்துக்குள்ள ஒரு தொட்டி இருக்கிறது. அது நிரம்பும்வரை எல்லாம் வேகமாகவே தெரியும், நிரம்பியதும் ஒவ்வொரு சுற்றும் தொட்டி காலியாகக் காத்து நிற்கும். டீக்கடைக்காரரே டீ போடுவதை நிறுத்திவிட்டு ஒவ்வொரு டீக்கும் கணக்கு எழுதிக்கொண்டிருந்த கதை. நான் காரணத்தைச் சொல்லவில்லை, சனிக்கிழமை ஓட்டிய அதே சோதனையைச் சுற்றுக்குள் வைக்கச் சொன்னேன். மிக மோசமான சுற்றின் நேரத்தை மட்டும் சேமித்து, வண்டி நின்ற பிறகு ஒரே ஒரு முறை அச்சிட. இருபதுக்கு மேல் வந்ததும் அவளே பிடித்துவிட்டாள்.

பையின் பக்கம் ஒரு நியாயம் மிச்சம் இருந்தது, வைஃபை. `Kp`, `Kd` எண்களை வண்டி ஓடும்போதே மாற்றிப் பார்ப்பது பெரிய வசதி. ஊனோவில் ஒவ்வொரு மாற்றத்துக்கும் வயர் செருகி ஏற்ற வேண்டும். ஹெச்சி-05 புளூடூத் துண்டு ஒன்றைச் சேர்த்து, ஃபோனிலிருந்து `p` என்றால் கூட்டு, `o` என்றால் குறை என்று அந்த அமைதியானவன் எழுதிக் கொடுத்தான். வைஃபையோடே வரும் இஎஸ்பி32 எடுத்திருக்கலாமே என்று பிறகு ஒரு நண்பர் கேட்டார். எடுத்திருக்கலாம், அதுவும் மைக்ரோகன்ட்ரோலர்தான். அதில் வைஃபை ஓடும்போது சென்சார் படிக்கும் கால்களில் ஒரு பகுதி வேலை செய்யாது என்பதைத் தெரிந்துகொண்டு எடுக்க வேண்டும். அதே மாதிரி 2021இல் வந்த ராஸ்பெர்ரி பை பிகோவைப் பெயரைப் பார்த்துக் கணினி என்று நினைத்து வாங்குகிறவர்கள் உண்டு. அதில் லினக்ஸ் கிடையாது, அது நல்ல மைக்ரோகன்ட்ரோலர். அனலாக் கால் மூன்றுதான் வெளியே வரும், ஐந்து சென்சார் பட்டைக்கு நேராகப் போதாது.

போட்டியில் அவர்களுக்கு நான்காம் இடம். முதல் சுற்றில் ஜன்னல் ஓரத் திருப்பத்தில் வெயில் விழுந்து, அகச்சிவப்பு சென்சார் எல்லாம் வெள்ளையென்றே பார்த்து, வண்டி நேராகப் போய்விட்டது. வெயிலில் அகச்சிவப்பு நிறைய இருக்கிறது, சென்சாரின் சின்ன விளக்கு அதனோடு போட்டி போட முடியாது. எந்தப் பலகை வைத்திருந்தாலும் இதுதான் நடந்திருக்கும். சார்ட் அட்டையை வெட்டிச் சென்சாரைச் சுற்றிப் பாவாடை மாதிரி ஒட்டி, கறுப்பு எது வெள்ளை எது என்று வெயிலிலேயே வைத்து மறுபடி கற்றுக்கொடுத்து, இரண்டாம் சுற்றில் முழுதாக ஓட்டிவிட்டார்கள். அன்று அட்டையை வெட்டி ஒட்டியது பையன்கள். லேப்டாப் அவள் மடியில் இருந்தது.

அடுத்த வருஷப் போட்டியில் வழியில் அம்புக்குறிப் படங்கள் வைப்பதாக அறிவித்திருக்கிறார்களாம். அவற்றைப் படித்துத்தான் எந்தப் பக்கம் திரும்புவது என்று முடிவு செய்ய வேண்டும். என் ஜீரோ டபிள்யூ இப்போது அவர்களிடம்தான் இருக்கிறது. ஊனோவுக்கும் அதற்கும் நடுவில் 5 வோல்ட்டை 3.3 ஆக்க எந்த மின்தடை போடுவது என்று நேற்று இரவு பத்து மணிக்குக் கேட்டாள்.